சிறு மனைப்பிரிவுக்குப் புரோஷர் எழுதுவது எப்படி: சாலை, வடிகால், வசதிகள், உரிமை ஆவணங்கள் – முழுமையான வழிகாட்டி

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் தலைப்புவரியை யோசிப்பார்கள். பிறகு பழைய புரோஷர் ஒன்றை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, ‘30 அடி தார்ச்சாலை, வடிகால் வசதி, பூங்கா, கிளியர் டைட்டில்’ என்று நான்கு வரி போட்டு டிசைனருக்கு அனுப்பிவிடுவார்கள். மனை வாங்க வருபவர் இந்த நான்கையும் பற்றித்தான் கேள்வி கேட்பார். பின்னால் வழக்கு வந்தாலும் இவற்றின் மேல்தான் வரும். இங்கே சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. ஆவணம், சாலை, வடிகால், வசதி என்று முடித்துவிட்டுத் தலைப்புவரிக்குக் கடைசியில் வருவோம்.

விளக்கத்துக்காக ஒரு மாதிரி மனைப்பிரிவை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி எல்லைக்குள் 2 ஏக்கர் 10 சென்ட் நிலம், அதில் 32 மனைகள், நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியின் ஒப்புதல். 9 மீட்டர் அகலத்தில் 120 மீட்டர் நீளமுள்ள ஒரு பிரதான சாலை, 7.2 மீட்டர் அகலத்தில் 80 மீட்டர் நீளமுள்ள இரண்டு குறுக்குச் சாலைகள். எண்கள் நான் போட்டவை. கணக்கு உண்மையான மனைப்பிரிவில் வருவது போலவே வரும்.

1. ரெரா எண் கைக்கு வரும்வரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்

ரெரா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, நிலம் 500 சதுர மீட்டரையும் மனைகள் 8ஐயும் தாண்டினால் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. நம் மாதிரி இரண்டு அளவையும் தாண்டுகிறது. ‘விரைவில் ரெரா எண்’ என்று போட்டு முன்பதிவு வாங்குவதும் விளம்பரம்தான். பதிவில்லாமல் செய்தால் திட்டத்தின் உத்தேசச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

நான்கு பக்கத் துண்டுப்பிரசுரமும் சட்டத்தின் கண்ணில் விளம்பரமே. அதனால் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில், வெளிர்சாம்பல் எழுத்தில் டிசைனர் வைத்துத் தருவார். அதை முன்பக்கத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். பதிவு எண்ணில் சாய்கோடுகள் வரும். சாய்கோடு ஒன்றுகூட மாறாமல் சான்றிதழில் உள்ளபடியே அச்சிடுங்கள். பக்கத்தில் rera.tn.gov.in என்று போடுங்கள். வாங்குபவர் அங்கே போய் அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பார். அங்கு இருக்கும் மனை எண்ணிக்கையும் உங்கள் புரோஷரில் இருப்பதும் வேறாக இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

புரோஷரில் சொன்னதை நம்பிப் பணம் கட்டியவருக்கு அது பொய்யாகிப் போனால், நட்ட ஈடு கேட்கவும், விலகிக்கொண்டு கட்டிய தொகையை வட்டியோடு திரும்பப் பெறவும் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இந்தப் பிரிவுதான்.

2. எழுதும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

மனைப்பிரிவை உருவாக்கி விற்கும் புரோமோட்டரிடம் ‘விவரம் அனுப்புங்கள்’ என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வரும். அதை வைத்து எழுத முடியாது. கேட்க வேண்டியது நகல்கள்: இறுதி ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடம், ஒப்புதல் கடிதம், ரெரா சான்றிதழ், சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரம், தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள பத்திரங்கள், பட்டா, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகல், வில்லங்கச் சான்று, வழக்கறிஞரின் லீகல் ஒப்பினியன், நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கியிருந்தால் அது, கடைசியாக சாலை–வடிகால் வேலைக்கான கான்ட்ராக்டரின் மதிப்பீடு.

அந்தக் கடைசிக் காகிதத்தைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுவார்கள். வரைபடத்தில் சாலையின் அகலம் மட்டும்தான் இருக்கும். எத்தனை மீட்டருக்குத் தார், எவ்வளவு கனத்துக்கு ஜல்லி, வடிகால் செங்கல்லா கான்கிரீட்டா என்பதெல்லாம் கான்ட்ராக்டரின் மதிப்பீட்டில்தான் கிடைக்கும்.

வரைபடத்தைப் பொறுத்து ஒரு எச்சரிக்கை. விற்பனை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் வண்ண வரைபடம் பெரும்பாலும் முதலில் சமர்ப்பித்தது. ஒப்புதலின்போது சாலை அகலமோ பூங்காவின் இடமோ மாறியிருக்கும், மனை எண்களும் தள்ளிப் போயிருக்கும். ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள பிரதி எதுவோ, அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் புரோஷரில் வரப்போகும் வாக்கியம், வலப்பக்கம் அதற்கு ஆதாரமான காகிதமும் பக்க எண்ணும். வலப்பக்கம் காலியாக இருக்கும் வாக்கியம் அச்சுக்குப் போகக்கூடாது. சலிப்பான வேலைதான். ஆனால் புரோமோட்டர் ‘இதையும் சேர்த்துடுங்க’ என்று ஒன்றைச் சொல்லும்போது, மறுத்துப் பேச உங்களிடம் இருக்கும் ஒரே பிடி இந்தத் தாள்.

3. உரிமை ஆவணப் பகுதியை முதலில் எழுதுங்கள்

இதை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யார் விற்கிறார்கள், எந்த நிலத்தை, எவ்வளவு பரப்பை என்பது இங்கேதான் முடிவாகிறது. இந்த எண்கள் நிலைபெறாமல் சாலை, பூங்கா கணக்கை எழுதினால் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிவரும்.

பரப்பிலேயே முதல் தடங்கல் வரும். பத்திரத்தில் 2 ஏக்கர் 10 சென்ட் என்றிருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால் இது 91,476 சதுர அடி. சதுர மீட்டரில் சுமார் 8,498. பட்டாவில் ஹெக்டேர்–ஏர் கணக்கில் 0.85.0 என்றிருக்கும், அது 8,500 சதுர மீட்டர். இரண்டு சதுர மீட்டர் வித்தியாசம் அளவை மாற்றியதில் வந்தது, பயப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் பல சென்ட்டுகளாக இருந்தால் கதை வேறு. பத்திரத்தில் எழுதிய அளவு நிலத்தில் இல்லை என்றோ, ஒரு உட்பிரிவு விடுபட்டிருக்கிறது என்றோ பொருள். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு சர்வேயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். புரோஷரில் ஒப்புதல் வரைபடத்தில் உள்ள பரப்பை மட்டும் போடுங்கள். சில புரோஷர்களில் முதல் பக்கத்தில் ஏக்கர், உள்ளே சதுர அடி, கடைசியில் ‘சுமார் 40 கிரவுண்டு’ என்று மூன்று கணக்கு வரும், மூன்றும் ஒத்துப்போகாது.

அடுத்தது உரிமைத் தொடர். ‘100% கிளியர் டைட்டில்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது ஒரு வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்து அடைந்த கருத்தை உண்மை போலச் சொல்கிறது. உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு இழப்பு நேர்ந்தால் புரோமோட்டர் ஈடு கட்ட வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு, அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பும் கிடையாது. இவ்வளவு எடையுள்ள வாக்குறுதியை இரண்டு சொல்லில் அள்ளி விடக்கூடாது. ஆவணங்களையே வரிசையாகச் சொன்னால் போதும், விவரம் தெரிந்தவர் அதிலேயே புரிந்துகொள்வார்.

நம் மாதிரியில் நிலம் ஒருவர் கிரயம் வாங்கியது. அவர் இறந்த பிறகு மூன்று மகன்கள், ஒரு மகள் வாரிசுகள். மகள் தன் பங்கைச் சகோதரர்களுக்கு விடுதலைப் பத்திரம் மூலம் விட்டுக்கொடுத்திருக்கிறார். மூன்று சகோதரர்களும் புரோமோட்டருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இதைப் புரோஷரில் இப்படி எழுதலாம்:

‘சர்வே எண் ____, உட்பிரிவு ____. கிரயப் பத்திரம் எண் ____/ஆண்டு வழியாக வாங்கிய நிலம். வாங்கியவரின் சட்டப்படியான வாரிசுகள் நால்வர். ஒருவர் விடுதலைப் பத்திரம் எண் ____/ஆண்டு மூலம் தம் பங்கை மற்ற மூவருக்கு விட்டுக்கொடுத்துள்ளார். அம்மூவர் பெயரில் கூட்டுப்பட்டா எண் ____. உங்கள் கிரயப் பத்திரத்தில் அம்மூவரின் பொது அதிகாரம் பெற்றவர் என்ற முறையில் எங்கள் நிறுவனம் கையொப்பமிடும். வில்லங்கச் சான்று ____ முதல் ____ வரை எடுக்கப்பட்டுள்ளது. எல்லா ஆவணங்களின் நகலும் அலுவலகத்தில் பார்வைக்கு உண்டு.’

புதியவர்கள் மகளின் விடுதலைப் பத்திரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், ‘குடும்ப விஷயம் எதற்கு’ என்று. வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான். வாரிசுச் சான்றில் நான்கு பெயர், பட்டாவில் மூன்று பெயர் என்றால் நான்காமவர் என்ன ஆனார் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் புரோஷரிலேயே இருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

பட்டாவை உரிமைக்கான ஒரே ஆதாரமாகக் காட்டாதீர்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையை நிறுவுவது பத்திரத் தொடர். வில்லங்கச் சான்றையும் அளவுக்கு மேல் நம்பச் சொல்லாதீர்கள். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயிலோ, நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கோ அதில் தெரியாமல் போகலாம். அதனால் ‘வில்லங்கம் இல்லாத நிலம்’ என்று எழுதாமல் ‘மேற்படி காலத்துக்கான வில்லங்கச் சான்றில் கடன், அடமானப் பதிவு இல்லை’ என்று எழுதுங்கள். சான்று எந்தத் தேதிவரை எடுத்தது என்பதும் கூடவே வர வேண்டும். ஆறு மாதம் பழைய சான்றை வைத்துக்கொண்டு இன்று புரோஷர் அடித்தால், நடுவில் புரோமோட்டர் அந்த நிலத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. tnreginet.gov.in தளத்தில் புதிதாக ஒன்று எடுத்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை.

நிலம் அடமானத்தில் இருந்தால் மறைக்காதீர்கள். எந்த வங்கி, மனை கிரயமாகும்போது அந்த வங்கி விடுவிப்புக் கடிதம் தருமா என்று இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்ட அடமானத்தால் விற்பனை தாமதமாகலாம், அவ்வளவுதான். மறைத்தது வெளிவந்தால் 12ஆம் பிரிவு வந்து நிற்கும்.

உரிமையாளர்களின் ஆதார் எண், கையொப்பம் உள்ள பத்திரப் பக்கங்களை ஸ்கேன் செய்து புரோஷரில் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. போடாதீர்கள். எண்ணும் ஆண்டும் போதும்.

4. சாலை: அகலத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்

மனைப்பிரிவு வரைபடத்தில் 9 மீட்டர் என்றிருந்தால் அது இந்தப் பக்கத்து மனை எல்லையிலிருந்து எதிர்ப்பக்கத்து மனை எல்லை வரை. முழுக்கத் தார் போடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நம் மாதிரியின் மதிப்பீட்டில் தார்ப்பகுதி 5.5 மீட்டர். இரு பக்கமும் 0.6 மீட்டரில் வடிகால், மீதி இரு பக்கமும் 1.15 மீட்டர் மண் ஓரம். கூட்டினால் 9 வரும். ‘30 அடி தார்ச்சாலை’ என்று எழுதினால் வாங்குபவர் மனதில் 30 அடிக்கும் தார் விரிகிறது. நேரில் வந்து பார்க்கும்போது 18 அடிதான் கறுப்பாக இருக்கும்.

இன்னொன்று, 9 மீட்டர் என்பது 29.5 அடி, 7.2 மீட்டர் என்பது 23.6 அடி. பேச்சில் 30, 24 என்று சொல்வது வழக்கம்தான். அச்சில் மீட்டரை முதலில் போட்டு அடியைச் ‘சுமார்’ சேர்த்துப் போடுங்கள். அளவுநாடாவோடு வருபவர் இருக்கிறார்.

எழுதும் வடிவம்: ‘பிரதான சாலை: அகலம் 9.0 மீட்டர் (சுமார் 29.5 அடி), அதில் தார்ப்பகுதி 5.5 மீட்டர். இரண்டு குறுக்குச் சாலைகள்: அகலம் 7.2 மீட்டர், தார்ப்பகுதி 3.75 மீட்டர். ஜல்லி அடுக்குகளும் தார் அடுக்கும் மதிப்பீட்டின்படி, விவரம் அலுவலகத்தில்.’ அடுக்குகளின் கனத்தையும் போடலாமா என்று கேட்பார்கள். கான்ட்ராக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் ஆகியிருந்தால் போடலாம். பேச்சளவில் இருந்தால் வேண்டாம்.

உள்சாலையை மூன்று பத்தி எழுதிவிட்டு அணுகுசாலையை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. மனைப்பிரிவு வாசல்வரை வரும் சாலை யாருடையது, என்ன அகலம், தாரா மண்ணா என்பது உள்சாலையைவிட முக்கியம். அது ஊராட்சிச் சாலை என்றால் வருவாய்க் கணக்கில் அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் விட்ட வண்டிப்பாதை என்றால், அவர் வேலி போட்ட நாளில் 32 மனைக்கும் வழி அடைபடும். புலப்பட நகலில் அந்தப் பாதை கோடாக வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அணுகுசாலை பற்றி எழுதும் முன் அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள்.

‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’ என்பதற்குப் பதிலாக, மனைப்பிரிவு வாசலிலிருந்து சாலை வழியாக எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். நிமிடக் கணக்கு ஓட்டுபவரைப் பொறுத்தது. வரப்போகும் நான்குவழிச் சாலை, வரப்போகும் கல்லூரி இவற்றுக்கெல்லாம் உங்கள் தாளின் வலப்பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

5. வடிகால்: தண்ணீர் எங்கே போகிறது என்று முடியுங்கள்

‘டிரைனேஜ் வசதி’ என்ற இரண்டு சொல்லில் பெரிய குழப்பம் இருக்கிறது. எழுதுபவர் மழைநீர்க் கால்வாயை நினைத்து எழுதுவார். நகரத்தில் குடியிருந்தவர் அதைப் பாதாளச் சாக்கடை என்று படிப்பார். ஊராட்சி எல்லையில் உள்ள சிறு மனைப்பிரிவுகளில் பாதாளச் சாக்கடை இருப்பது அரிது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் கட்டிக்கொள்ள வேண்டும். எனவே இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்: ‘மழைநீர் வடிகால்: பிரதான சாலையின் இரு பக்கமும். கழிவுநீர்: பொதுக் குழாய் இல்லை, ஒவ்வொரு மனையிலும் செப்டிக் டேங்க் அமைக்க வேண்டும்.’ இரண்டாவது வரியைப் போட்டால் விற்பனை குறையும் என்று புரோமோட்டர் சொல்வார். வீடு கட்டத் தொடங்கும் முதல் நாளே கொத்தனார் சொல்லப்போகிற விஷயம் அது.

மழைநீர் வடிகாலைப் பற்றி எழுதும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் பிரதான சாலை 120 மீட்டர். வடிகாலுக்கு 300க்கு 1 என்று சரிவு கொடுத்தால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 40 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். நிலம் சமதளமாக இருந்து, மேல்முனையில் வடிகால் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கினால், கீழ்முனையில் அதன் தளம் 85 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே போய்ச் சேர வேண்டிய ஊராட்சிச் சாலையோரக் கால்வாயின் தளம் 60 சென்டிமீட்டர் ஆழம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 சென்டிமீட்டர் தண்ணீர் வெளியே போக முடியாமல் நிற்கும். 300க்கு 1 சரிவில் 25 சென்டிமீட்டர் நின்றால் பின்னோக்கி 75 மீட்டர் தூரம் நிற்கும். அதாவது வடிகாலில் பாதிக்கு மேல் மழை விட்ட பிறகும் குட்டையாகக் கிடக்கும், கொசு அங்கேதான் வளரும்.

இது எழுதுபவர் வேலையா என்று தோன்றலாம். கட்டுவது நம் வேலையில்லை, ஆனால் ‘தண்ணீர் தேங்காத வடிகால்’ என்று எழுதப்போவது நாம். அதனால் கான்ட்ராக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடைமுனையில் வடிகாலின் தளமட்டம் என்ன, சேருமிடத்தின் தளமட்டம் என்ன, அதில் சேர்க்க யாரிடம் அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் எண்ணாக வர வேண்டும். ‘தானாப் போயிடும் சார்’ என்று வந்தால் கடைமுனையில் தண்ணீர் போகிற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது பக்கத்து வீட்டுச் சுவர்களின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். ஒரே மட்டத்தில் பழுப்புக்கோடு ஓடினால் அதுவரை தண்ணீர் நின்றிருக்கிறது என்று தெரியும்.

ஏரி, ஓடை, வாய்க்கால் அருகில் இருக்கும் நிலத்துக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இருக்கும். அதில் நிலத்தை இந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் படியுங்கள். நிபந்தனை சாலைக்கு மட்டுமா, மனைகளுக்கும் சேர்த்தா? மனைகளையும் மண் போட்டு நிரவித் தருவது புரோமோட்டரா, வாங்குபவரா? ஒரு மனைக்கு இரண்டடி மண் என்றால் நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் கன அடி. 1,900 சதுர அடி மனைக்கு 3,800 கன அடி. யார் செலவு என்பதைப் புரோஷர் சொல்லியே ஆக வேண்டும்.

எழுதும் வடிவம்: ‘பிரதான சாலையின் இரு பக்கமும் மூடி போட்ட கான்கிரீட் வடிகால். கிழக்கு முனையில் ஊராட்சிச் சாலையோரக் கால்வாயில் சேர்கிறது. சாலை மட்டம் தடையின்மைச் சான்றின் நிபந்தனைப்படி உயர்த்தப்பட்டுள்ளது. மனைகளை நிரவுவது வாங்குபவர் பொறுப்பு.’ தண்ணீர் தேங்காது என்று எங்கேயும் சொல்லவில்லை. பார்த்து முடிவெடுக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

6. வசதிகள்: யாருடையது என்று தெரிந்தபிறகே எழுதுங்கள்

பூங்காவில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். தமிழ்நாட்டு விதிகளின்படி 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதியுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அந்த அளவு நிலத்தின் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000க்கு மேல் போனால் நிலமாகவே ஒதுக்கியாக வேண்டும். நம் மாதிரி 8,498 சதுர மீட்டர் என்பதால் பணம் கட்டும் வழியும் திறந்திருக்கிறது.

கணக்கு இது. சாலைகள்: 9 × 120 = 1,080; 7.2 × 80 × 2 = 1,152; ஆக 2,232 சதுர மீட்டர். மீதி 6,266. அதில் 10 சதவீதம் சுமார் 627. ஒப்புதல் வரைபடத்தில் 630 சதுர மீட்டரில் ‘பூங்கா’ என்று ஓர் இடம் குறித்திருந்தால் பூங்கா என்று எழுதலாம். அப்படி இடமே இல்லாமல் பணம் கட்டியதற்கான ரசீது மட்டும் இருந்தால் இந்த மனைப்பிரிவில் பூங்கா கிடையாது. விற்காமல் வைத்திருக்கும் ஒரு மூலை மனையில் ஊஞ்சல் போட்டுப் படம் எடுத்துப் ‘பூங்கா’ என்று போடுபவர்கள் உண்டு. அந்த மனை நாளைக்கு விற்கும்.

பூங்கா இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி, அது யாருடையது. சாலையையும் பூங்காவையும் தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு சாலை ஊராட்சிச் சாலை, பூங்கா ஊராட்சிப் பூங்கா. ‘குடியிருப்போருக்கு மட்டுமான தனிப் பூங்கா’ என்றோ, ‘கேட்டட் கம்யூனிட்டி, வெளியாட்களுக்கு அனுமதியில்லை’ என்றோ எழுத புரோமோட்டருக்கு உரிமை இல்லை. அலங்கார நுழைவு வளைவு கட்டலாம். பொதுச்சாலையில் கேட்டைப் பூட்டி ஆளை நிறுத்த முடியாது. இந்த ஒரு வரிக்காகப் புரோமோட்டரோடு வாக்குவாதம் வரும், தானப் பத்திரத்தின் நகலை எடுத்து முன்னால் வையுங்கள். எழுத வேண்டியது: ‘பூங்காவுக்கு 630 சதுர மீட்டர் ஒதுக்கி, தானப் பத்திரம் எண் ____ மூலம் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. நடைபாதையும் மரக்கன்றுகளும் எங்களால் அமைக்கப்பட்டவை.’

மற்ற வசதிகளை இரண்டு பட்டியலாகப் போடுங்கள்: இன்று இருப்பவை, முடிக்க வேண்டியவை. இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் மாதமும் ஆண்டும் வேண்டும். அந்தத் தேதி ரெரா பதிவில் கொடுத்த நிறைவுத் தேதியைத் தாண்டக்கூடாது. ‘தெருவிளக்கு’ என்று எழுதும் இடத்தில் கம்பம் நட்டிருக்கிறதா, மின் இணைப்பு வந்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘மின் வசதி’ என்றால் சாலையில் மின்கம்பி போகிறது என்று மட்டுமே பொருள். வீட்டு இணைப்புக்கு ஒவ்வொருவரும் மின்வாரியத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீருக்கும் இதே முறை: ஆழ்குழாய் ஒன்று, மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு இவ்வளவு, மனை வாசல்வரை குழாய் உண்டா இல்லையா. ‘சுவையான நிலத்தடி நீர்’ என்று எழுத ஆசையிருந்தால் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

‘வங்கிக் கடன் வசதி உண்டு’ என்பதும் வசதிப் பட்டியலில் நுழைந்துவிடும். இந்த மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்து ஒரு வங்கி எழுதிய கடிதம் இருந்தால் மட்டும் வங்கியின் பெயரைப் போடுங்கள், கடன் தருவது வாங்குபவரின் தகுதியைப் பொறுத்தது என்றும் சேர்த்து.

7. தலைப்புவரி, படம், சிறு எழுத்து

இப்போது தலைப்புவரி எளிதாக வரும், ஏனென்றால் எது வலுவானது என்று தெரிந்துவிட்டது. நம் மாதிரிக்கு நான் எழுதினால்: ‘32 மனைகள். இறுதி ஒப்புதல் பெற்றது. சாலையும் பூங்காவும் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை.’ கவர்ச்சி குறைவுதான். ஆனால் பக்கத்து மனைப்பிரிவுக்காரரால் இதைக் காப்பியடிக்க முடியாது, அவர் உண்மையிலேயே ஒப்படைத்திருந்தால் ஒழிய.

‘டிடிசிபி அப்ரூவ்டு’ என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். ஒப்புதல் எண், ஆண்டு, உள்ளாட்சியின் அனுமதி எண் மூன்றும் வர வேண்டும். முதற்கட்ட ஒப்புதலும் இறுதி ஒப்புதலும் வேறு வேறு. தானப் பத்திரம் பதிவாகாமல் இறுதி ஒப்புதல் வராது.

படங்கள் இந்த மனையில் எடுத்தவையாக இருக்கட்டும், எடுத்த மாதத்தோடு. கணினியில் வரைந்தது என்றால் படத்தின் மேலேயே ‘கற்பனைச் சித்திரிப்பு’ என்று எழுதுங்கள், அடிக்குறிப்பில் வேண்டாம். சித்திரத்தில் இருக்கும் நீரூற்று பட்டியலில் இல்லையென்றால் சித்திரத்திலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள். மாதிரிப் படமும் விளம்பரத்தின் பகுதியாகவே பார்க்கப்படும்.

‘விவரங்கள் மாற்றத்துக்கு உட்பட்டவை’ என்ற சிறு எழுத்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. மனைப்பிரிவு வரைபடத்தையோ பொது இடங்களையோ மாற்ற, மனை ஒதுக்கீடு பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. 32 மனையும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டால் 22 பேரின் கையொப்பம். சிறு எழுத்தில் அது அடங்காது. அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே முன்பணம் பற்றிய விவரத்தைப் போடுங்கள்: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை என்று. அதுவும் சட்டம் சொல்வதுதான்.

8. அச்சுக்குப் போகும் முன் மூன்று பேர் படிக்க வேண்டும்

லீகல் ஒப்பினியன் எழுதிய வழக்கறிஞர் உரிமை ஆவணப் பகுதியை மட்டும் படித்தால் போதும், ஆனால் எண்களைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். சைட் இன்ஜினியர் சாலையையும் வடிகாலையும் படித்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது ஆள் நிலத்தைப் பார்க்காதவராக இருக்கட்டும். அவரிடம் புரோஷரைக் கொடுத்துவிட்டு, ‘தார் எத்தனை அடி? கழிவுநீர் எங்கே போகும்? பூங்கா யாருடையது? பத்திரத்தில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?’ என்று கேளுங்கள். அவர் ‘30 அடி’ என்று பதில் சொன்னால் வாக்கியம் இன்னும் சரியாகவில்லை.

டிசைனரிடமிருந்து கடைசிப் பிரதி வந்ததும் எண்களை மட்டும் தனியாக ஒருமுறை ஒப்பிடுங்கள். சர்வே எண்ணில் இருக்கும் சாய்கோடும் உட்பிரிவு எழுத்தும் எழுத்துரு மாற்றும்போது தொலைந்துபோகும். 114/2ஏ என்பது 1142 ஆகி அச்சில் வந்திருக்கும், அது வேறொருவர் நிலம்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பதிப்புத் தேதியை அச்சிடுங்கள். வில்லங்கச் சான்று புதுப்பிக்கும்போதோ, ‘முடிக்க வேண்டியவை’ பட்டியலிலிருந்து ஒன்று மேலே ஏறும்போதோ புதுப் பதிப்பு அடித்து, விற்பனை ஆட்களின் பையில் இருக்கும் பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். 5,000 பிரதி அடித்தால் விலை குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள். 500 அடியுங்கள்.